தடையாணை கையில், சுவர் கண்ணெதிரே

சொத்து வழக்கு நடத்துபவர்களுக்கு நீண்ட விடுமுறை என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். பொங்கலுக்கு நீதிமன்றம் அடைத்தால் நாலைந்து நாளைக்கு நீதிபதி இல்லை, வக்கீல் ஊருக்குப் போயிருப்பார், குமாஸ்தா போனை எடுக்கமாட்டார். எதிர்த்தரப்புக்கு அதுதான் வசதி. இரவோடு இரவாக ஹாலோ பிளாக் லோடு வந்து இறங்கும். விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கும்போது, எதைக் கட்டக்கூடாது என்று தடையாணை சொன்னதோ அது கட்டி முடிந்து, பூச்சும் காய்ந்திருக்கும்.

தடையாணை வாங்கியவர் அதன் பிறகு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கோர்ட் ஆர்டரையே மீறிட்டான், இனி என்ன செய்யறது?" நீதிமன்றம் தானாகப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி நடக்காது. உத்தரவு போட்ட நீதிபதிக்கு, அது மீறப்பட்டது என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். அதைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. முறை தவறினால் மீறல் கண்ணெதிரே நின்றாலும் மனு தோற்றுப்போகும்.

விளங்குவதற்காக ஒரு வழக்கை நாமே வைத்துக்கொள்வோம். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு. பாகப்பிரிவினைப் பத்திரப்படி ரோட்டை ஒட்டிய முன்பாதி தம்பிக்கு, பின்பாதி அக்காவுக்கு. அக்கா தன் தோப்புக்குப் போய்வர, தம்பி நிலத்தின் கிழக்கோரமாக 12 அடி அகலத்தில் வண்டிப்பாதை உண்டு என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. சில வருஷம் கழித்துத் தம்பிக்குப் பாதை உறுத்த ஆரம்பிக்கிறது. கல் நடுகிறார், தேங்காய் ஏற்ற வந்த டிராக்டரைத் திருப்பி அனுப்புகிறார். அக்கா மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகிறார். பாதையை மறிக்கக்கூடாது என்று நிரந்தரத் தடை கேட்டு ஓர் அசல் வழக்கு, வழக்கு முடியும்வரை இடைக்காலத் தடை கேட்டு ஒரு ஐ.ஏ., இடத்தைப் பார்வையிட வக்கீல் கமிஷனர் கேட்டு இன்னொரு ஐ.ஏ.

ஜனவரி 8-ஆம் தேதி, எதிர்த்தரப்பைக் கேட்காமலே, 22-ஆம் தேதிவரை இடைக்காலத் தடை கிடைக்கிறது. கமிஷனர் 11-ஆம் தேதி இடத்துக்கு வருகிறார். 15, 16 தேதிகளில், மாட்டுப்பொங்கலும் அதுவுமாக, பாதையின் குறுக்கே ஆறடி உயரத்துக்குச் சுவர் எழும்பிவிடுகிறது. அக்கா ஓடிப்போய்க் கேட்டதற்குத் தம்பி சொன்ன பதில்: "கோர்ட்டுப் பேப்பர் எதுவும் எனக்கு வரலைக்கா. வந்தா பாத்துக்கலாம்."

அவர் சும்மா சொன்னதில்லை அந்தப் பதில். யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தது. உத்தரவை மீறியதற்குத் தண்டிக்க வேண்டுமானால் உத்தரவு இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தடையாணை பிறந்த நிமிடமே அமலுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதை அறியாதவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே அவமதிப்பு மனுவின் பாதி வெற்றி, மீறல் நடப்பதற்கு முன்பே, தடையாணை கையில் கிடைத்த அந்த முதல் இரண்டு நாளில் தீர்மானமாகிவிடுகிறது.

உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை, 3-ஆம் விதி ஒரு கடமையை வைத்திருக்கிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தடை வாங்கியவர், மனு, பிரமாண வாக்குமூலம், வழக்குரை, நம்பியிருக்கும் ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை உடனே எதிர்த்தரப்புக்கு நேரில் கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அனுப்பிவிட்டேன் என்று அன்றைக்கோ மறுநாளோ நீதிமன்றத்தில் வாக்குமூலம் போட வேண்டும். பல பேர் இதை ஏதோ சடங்கு என்று நினைத்து, கடனே என்று செய்கிறார்கள். சிலர் செய்வதே இல்லை. தடையாணை வந்த சந்தோஷத்தில் வக்கீலும் கட்சிக்காரரும் டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். பின்னால் "எனக்குத் தெரியாது" என்று எதிராளி கையை விரிக்கும்போதுதான், அந்தத் தபால் ரசீதின் அருமை தெரிகிறது.

கோர்ட் மூலம் அனுப்ப பேட்டா கட்டினால் அமீனா கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் அதற்கு நாளாகும். அதுவரை காத்திருக்கக்கூடாது. முன்பெல்லாம் வக்கீல்கள் உத்தரவின் சாரத்தைத் தந்தியில் அடித்துவிடுவார்கள். 2013-ல் தந்தி நின்றுபோனது. இப்போது உத்தரவின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீலக்குறி விழுந்ததைப் படம் எடுத்து வைக்கிறார்கள். அது உதவும், ஆனால் அதை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை. பதிவுத் தபாலும் போகட்டும்.

நம் வழக்கில் அக்காவின் வக்கீல் கெட்டிக்காரர். 8-ஆம் தேதியே பதிவுத் தபால் போய்விட்டது. 10-ஆம் தேதி தம்பியின் மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிய ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. அதைவிட வலுவானது கமிஷனர் அறிக்கை. 11-ஆம் தேதி அவர் இடத்தைப் பார்த்தபோது தம்பியும் கூடவே இருந்தார், எல்லையைக் காட்டினார், கமிஷனரின் குறிப்பில் அவர் பெயர் இருக்கிறது. வழக்கும் தடையும் பற்றி அவரிடமே கமிஷனர் சொன்னதும் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. "பேப்பர் வரலைக்கா" என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போகும்.

அந்த அறிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. 11-ஆம் தேதி பாதை திறந்து கிடந்தது, டிராக்டர் போன தடம் இருந்தது, சுவர் எதுவும் இல்லை என்று நீதிமன்றமே அனுப்பிய ஆள் எழுதிய சாட்சியம் அது. அது இல்லாவிட்டால் "இந்தச் சுவர் போன வருஷமே கட்டினது" என்று தம்பி சொன்னால், அக்கா அதை மறுக்க ஊர்க்காரர்களைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். தடை கேட்கும்போதே கமிஷனரையும் கேட்பது வீண்செலவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சுவர் எழும்பும் காட்சிக்கு வருவோம். 15-ஆம் தேதி காலை அக்கா என்ன செய்ய வேண்டும்? முதலில் எல்லோரும் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே கிடைக்கும் பதில் தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனிலும் ஒன்றுதான்: "அம்மா, இது சிவில் மேட்டர். கோர்ட்டுலயே பாத்துக்கங்க." அவர்கள் சொல்வதில் நியாயம் கொஞ்சம் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தின் தடையாணையைப் போலீஸ் தானாகப் போய் நிறைவேற்ற வேண்டியதில்லை. நீதிமன்றம் போலீஸ் பாதுகாப்பு கொடுக்கச் சொல்லித் தனியாக உத்தரவிட்டால்தான் வருவார்கள். அப்படிக் கேட்க 151-ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போவது வீண் இல்லை. புகார் எழுதிக்கொடுத்து, உத்தரவின் நகலை இணைத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸ் ஒன்றும் செய்யாவிட்டாலும் அந்த ரசீதில் தேதி இருக்கும். சுவர் எப்போது எழும்பியது என்பதற்கு மூன்றாம் ஆள் வைத்த முத்திரை அது.

அடுத்தது படங்கள். செல்போனில் எடுக்கும் போட்டோவும் வீடியோவும் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்பட வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு என்று பேர்போன விஷயம் அது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பாகம்: ஒன்றில் படம் எடுத்தவரும், இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே படம் எடுத்த போனைத் தூக்கிப்போடவோ, மெமரியை அழிக்கவோ கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதியைவிட, எடுத்த போனில் இருக்கும் மூலமே நல்லது. படத்தில் வெறும் சுவர் மட்டும் தெரிந்தால் போதாது. கமிஷனர் குறித்த அதே தென்னைமரம், அதே மின்கம்பம் சட்டத்துக்குள் வர வேண்டும். கொத்தனார் வேலை செய்வதும், தம்பி நின்று வேலை வாங்குவதும் தெரிந்தால் பாதிச் சண்டை முடிந்தது.

இனி நீதிபதிக்குச் சொல்வது. கடிதம் எழுதுவது, வீட்டு வாசலில் நிற்பது, நேரில் பார்த்து அழுவது எதுவும் எடுபடாது. ஒரு தரப்பு தனியாக வந்து சொல்வதை நீதிபதி காதில் வாங்கக்கூடாது. நல்ல நீதிபதிகள் வாங்கவும் மாட்டார்கள். சொல்ல வேண்டியது மனுவாக வர வேண்டும்; அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும்.

எங்கே போடுவது என்பதில்தான் பெரிய குழப்பம். "அவமதிப்பு" என்று காதில் விழுந்ததுமே ஹைகோர்ட் என்று நினைக்கிறார்கள். சென்னைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறி, வேறு வக்கீல் பிடித்து, பணம் செலவழித்துப் போனால், பெரும்பாலும் அங்கே கேட்கும் முதல் கேள்வி: உத்தரவு போட்ட நீதிமன்றத்திலேயே பரிகாரம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?

அந்தப் பரிகாரம் 39-ஆம் கட்டளையின் 2ஏ விதி. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தனி விதியாக வந்தது. 1, 2 விதிகளின் கீழ் கொடுத்த தடையாணையை யாராவது மீறினால், அதைக் கொடுத்த நீதிமன்றமே, அல்லது வழக்கு மாற்றப்பட்டிருந்தால் இப்போது அதை வைத்திருக்கும் நீதிமன்றமே, மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். அவரை மூன்று மாதம்வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஒரு வருஷத்துக்கு மேல் நீடிக்காது. அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் ஜப்தி செய்த சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு நீதிமன்றம் நியாயம் என்று நினைக்கும் நஷ்ட ஈட்டைக் கொடுத்து, மீதியை உரியவரிடம் சேர்க்கலாம். ஜப்தியும் சிறையும் இரண்டும் சேர்ந்துதான் வர வேண்டும் என்பதில்லை. சூழ்நிலைக்கு ஏற்ப ஒன்று மட்டும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் தெளிவாக்கியது.

ஆகவே அக்கா போட வேண்டியது, அதே வழக்கில், அதே உரிமையியல் நீதிமன்றத்தில், இன்னொரு ஐ.ஏ. நீதிமன்றம் திறந்த முதல் நாளே போட வேண்டும். வழக்கின் அடுத்த வாய்தா 22-ஆம் தேதி என்றால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. காலையில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்ததும் வக்கீல் எழுந்து அவசரத்தைச் சொல்லி, மனுவை அன்றே எடுத்துக்கொள்ளக் கேட்கலாம். இதைத்தான் கோர்ட்டில் மென்ஷன் பண்ணுவது என்கிறார்கள்.

மனுவோடு போகும் பிரமாண வாக்குமூலம்தான் உயிர். நான் பார்த்தவரை இதை எழுதுவதில்தான் நிறைய பேர் சொதப்புகிறார்கள். "எதிர்மனுதாரர் மாண்புமிகு நீதிமன்றத்தின் உத்தரவைத் துச்சமாக மதித்து, அடியாட்களுடன் வந்து, அட்டூழியம் செய்து" என்று இரண்டு பக்கம் ஓடும். எந்தத் தேதி, என்ன செய்தார் என்பது மட்டும் இருக்காது. நீதிபதிக்கு வேண்டியது வேறு. 8-ஆம் தேதி எந்த ஐ.ஏ.-வில் என்ன உத்தரவு, அதன் வாசகம் அப்படியே. அது 10-ஆம் தேதி தபாலிலும் 11-ஆம் தேதி கமிஷனர் முன்னிலையிலும் எதிராளிக்குத் தெரிந்தது. 15-ஆம் தேதி காலை சுமார் எட்டு மணிக்கு இன்ன சர்வே எண்ணில், வழக்குரைச் சொத்து விவரத்தில் கண்ட பாதையின் குறுக்கே, தெற்கு முனையில் அஸ்திவாரம் தோண்டினார். 16-ஆம் தேதி மாலை ஆறடிச் சுவர் முடிந்தது. வேலை வாங்கியவர் அவரே. படங்கள் இத்தனை, சி.எஸ்.ஆர். எண் இது. இப்படி எழுதினால் வசவு ஒன்றுகூடத் தேவைப்படாது. ஜப்தி கேட்பதாக இருந்தால் எந்தச் சொத்தை ஜப்தி செய்ய வேண்டும் என்ற விவரமும் மனுவிலேயே இருக்க வேண்டும். தம்பியின் டிராக்டரா, தோப்பா என்பதை நீதிமன்றம் தேடிக் கண்டுபிடிக்காது.

சுவர் கட்டிய கொத்தனாரையும் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். உத்தரவு இருப்பது தெரிந்தே மீறலுக்குத் துணைபோனவர் பொறுப்பாகலாம். கூலிக்கு வந்த கொத்தனாருக்குத் தெரிந்திருக்குமா என்பதை நிரூபிப்பது சிரமம். அவரைச் சேர்ப்பதைவிடச் சாட்சியாக்குவது உத்தமம்.

மனுவில் இன்னொரு வேண்டுதலும் இருக்க வேண்டும். இதைத்தான் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். தம்பி மூன்று மாதம் உள்ளே போய்விட்டு வந்தாலும் சுவர் அங்கேயே நிற்கும். டிராக்டர் வெளியிலேயே நிற்கும். அக்காவுக்கு வேண்டியது பாதை. மீறிக் கட்டியதை அகற்றி, 8-ஆம் தேதி இருந்த நிலைக்கே இடத்தைத் திருப்ப வேண்டும் என்று 151-ஆம் பிரிவின் கீழ் கேட்க வேண்டும். செஞ்சுரி ஃப்ளோர் மில்ஸ் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 1975-ல் வெளியான அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்: தன் உத்தரவை மீறிச் செய்த தவறைச் சரிசெய்ய எனக்குச் சக்தியில்லை என்று ஒரு நீதிமன்றம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது; அந்தத் தவறைத் திருத்துவது அதன் கடமை. பிறகு 1996-ல் டெல்லி ஸ்கிப்பர் கட்டுமான நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதே பாதையில் நின்றது: அவமதித்தவர் அந்த அவமதிப்பின் பலனை அனுபவிக்க விடக்கூடாது.

மனு போட்டாயிற்று. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், தம்பி எதிருரை போடுவார். பிறகு விசாரணை. இது வழக்கமான ஐ.ஏ. மாதிரி வாக்குமூலத்தை வைத்து வாதாடி முடிகிற காரியம் அல்ல. ஒருவருடைய சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்பதால் கிட்டத்தட்டக் குற்ற வழக்கின் கறார் வரும். அக்கா சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும், குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும், ஒப்புகை அட்டை முதல் கமிஷனர் அறிக்கைவரை சான்றாவணமாகக் குறிக்கப்பட வேண்டும். வெறும் மீறல் போதாது, வேண்டுமென்றே செய்த மீறல் என்று நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் கேரளத்துப் பேக்கரி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொன்னது. கீழே விதித்த ஒரு மாதச் சிறையை, அந்த அளவுக்கு நிரூபணம் இல்லை என்று ரத்து செய்தது.

தம்பி தரப்பு என்னென்ன சொல்லும்? "தெரியாது" என்பது அடிபட்டுப்போயிற்று. அடுத்து, "நான் என் சொந்த நிலத்தில்தான் கட்டினேன், பாதையில் இல்லை" என்பார். இது வலுவான பதில். தடையாணையின் சொத்து விவரம் தெளிவாக இல்லாவிட்டால் இதிலேயே மனு விழுந்துவிடும். "கிழக்கோரப் பாதை" என்று மட்டும் எழுதி, அகலமும் நான்கெல்லையும் சர்வே உட்பிரிவும் வரைபடமும் இல்லாத உத்தரவை மீறியதாக யாரையும் நிரூபிப்பது கடினம். இரண்டு அர்த்தம் வருகிற இடத்தில் சந்தேகத்தின் பலன் மீறியதாகச் சொல்லப்படுபவருக்குப் போகும். "இருக்கிற நிலை அப்படியே தொடரட்டும்" என்று ஒரு வரியில் போடும் ஸ்டேட்டஸ் கோ உத்தரவில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. எந்தத் தேதியின் நிலை, யார் அனுபவத்தில் இருந்த நிலை என்று உத்தரவில் இல்லையென்றால், இரு தரப்பும் அதை ஆளுக்கொரு விதமாகப் படித்துக்கொள்ளும். உத்தரவு போடும் அன்றைக்கே வக்கீல் எழுந்து அதைத் தெளிவுபடுத்தக் கேட்டுவிட வேண்டும்.

"தடையாணையே தப்பு, இந்த கோர்ட்டுக்கு இந்த வழக்கை விசாரிக்க அதிகாரமே இல்லை" என்றும் சொல்வார்கள். அதற்கு 1997-ல் ஹிந்த் ரப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை அடைத்துவிட்டது. தப்பென்று தோன்றினால் அந்த நீதிமன்றத்திடமே சொல்லித் தடையை நீக்கச் சொல்லலாம், மேல்முறையீடு போகலாம். உத்தரவு இருக்கும்வரை கீழ்ப்படியத்தான் வேண்டும். அதிகாரம் இல்லை என்று பிற்பாடு முடிவானாலும், இடையில் நடந்த மீறலுக்குத் தப்ப முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் குரூரமான ஓட்டை தேதியில் இருக்கிறது. நம் வழக்கில் தடை 22-ஆம் தேதிவரைதான். 22-ஆம் தேதி நீதிபதி லீவு, அல்லது வக்கீல்கள் புறக்கணிப்பு, வழக்கு பிப்ரவரி 5-க்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று வையுங்கள். தடையை நீட்டிக்கிறேன் என்ற வரி அன்றைய குறிப்பில் இல்லையென்றால், 23-ஆம் தேதி தம்பி சுவர் கட்டினாலும் அவமதிப்பு இல்லை. மீற ஓர் உத்தரவே இல்லையே! இப்படி விழுந்துபோன மனுக்கள் ஏராளம். "ஸ்டே இருக்கு, ஸ்டே இருக்கு" என்று கட்சிக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். ஸ்டே எப்போதோ செத்திருக்கும். ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று பார்க்கலாம். தடை வாங்கியவர் வாய்தா முடிந்த ஒவ்வொரு மாலையும் அதைப் பார்க்க வேண்டும்.

வழக்கு முடிந்து, நிரந்தரத் தடைக்குத் தீர்ப்பாணை கிடைத்த பிறகு தம்பி சுவர் கட்டினால் என்ன? அப்போது 2ஏ விதி வேலைக்கு ஆகாது. அது இடைக்காலத் தடைக்கானது. தீர்ப்பாணையை மீறினால் 21-ஆம் கட்டளை, 32-ஆம் விதியின் கீழ் நிறைவேற்று மனு போட வேண்டும்; அங்கும் ஜப்தியும் சிறையும் உண்டு, மீறிச் செய்ததை நீக்கவும் வழியுண்டு. நிரந்தரத் தடைத் தீர்ப்பாணையை நிறைவேற்றக் காலக்கெடு கிடையாது. தம்பி பத்து வருஷம் சும்மா இருந்துவிட்டுக் கட்டினாலும் மனு போடலாம்.

உயர் நீதிமன்றக் கதவு முழுக்க மூடியதாகவும் நினைக்க வேண்டாம். 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, கீழ் நீதிமன்றங்களுக்கு நேரும் அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்கிறது. உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டிலோ சீராய்விலோ போட்ட தடையை மீறினால் அங்கேதான் அவமதிப்பு மனு. அங்கே தண்டனை ஆறு மாதம்வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 2,000 ரூபாய் 1971-ல் எழுதியது. இன்று அதைக் கேட்டு யாரும் பயப்படமாட்டார்கள். மனசார மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடவும் சட்டம் இடம் தருகிறது. மீறல் நடந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 20-ஆம் பிரிவின் கறார்.

இரண்டு வழிக்கும் இடையே கட்சிக்காரர்கள் கவனிக்காத ஒரு வேற்றுமை உண்டு. உயர் நீதிமன்றத்தில் போட்ட அவமதிப்பு மனு தள்ளுபடியானால், போட்டவருக்கு 19-ஆம் பிரிவில் மேல்முறையீடு கிடையாது. தண்டிக்கப்பட்டவருக்குத்தான் அந்த உரிமை. 2ஏ விதியின் கீழ் வரும் உத்தரவுக்கு 43-ஆம் கட்டளையில் மேல்முறையீடு இருக்கிறது. ஆக, பார்க்கச் சின்னதாகத் தெரியும் ஊர் நீதிமன்றத்து வழிதான் பாதிக்கப்பட்டவருக்குக் கூடுதல் பிடிமானம் கொடுக்கிறது.

இவ்வளவு இருந்தும் உரிமையியல் நீதிபதிகள் சிறைக்கு அனுப்பத் தயங்குவார்கள், அக்கா தம்பி வழக்கில் இன்னும் தயங்குவார்கள். 2ஏ மனுவைத் தனியாக விசாரிக்காமல், அசல் வழக்கோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் நடக்கிறது. அப்படிப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். அக்காவின் வக்கீல் அங்கே விடாப்பிடியாக இருக்க வேண்டும்: உரிமை யாருடையது என்ற கேள்வி அசல் வழக்கில் இருக்கட்டும், உத்தரவு இருந்ததா, தெரிந்ததா, மீறினாரா என்ற கேள்விக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பல வழக்குகளில் கூண்டு ஏறும் கட்டம் வருவதற்கு முன்பே காரியம் நடந்துவிடுகிறது. நோட்டீஸ் கையில் கிடைத்து, "ஜெயில்" என்ற சொல் அதில் இருப்பதைத் தன் வக்கீல் படித்துக் காட்டியதும், தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு கூலியாட்களை வைத்துச் சுவரில் 12 அடிக்கு வாய் திறந்துவிடுவார். பிறகு எதிருரையில், "மேற்படி சுவர் தற்போது இல்லை, மனு நிலைக்கத்தக்கதல்ல" என்று எழுதுவார். அக்கா அதோடு மனுவை விட்டுவிடக்கூடாது. சுவரை நீக்கியதையும், இனி மறிக்கமாட்டேன் என்று தம்பி சொல்வதையும் நீதிமன்றத்தில் உறுதிமொழியாகப் பதிவு செய்யச் சொல்லி, மன்னிப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தடையை வழக்கு முடியும்வரை நீட்டிக்க வைத்த பிறகே மனுவை முடிக்க விட வேண்டும். நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே மீறுவதும் 1971 சட்டத்தில் அவமதிப்புதான். அடுத்த பொங்கலுக்கு அது தேவைப்படலாம்.